கடன் வாங்கின கணக்கும் கடுதாசி எழுதின பேத்தியும்

வா தாயி, உக்காரு. அந்தத் திண்ணையில வேண்டாம், கோழி அசிங்கம் பண்ணி வச்சிருக்கு. இப்படிக் கயித்துக்கட்டில்ல உக்காரு. நீ குடுத்துட்டுப் போன கடுதாசிய நேத்து ராத்திரி ரெண்டு தடவை வாசிச்சேன். நல்லா இருந்ததால ரெண்டாவது தடவை வாசிச்சேன்னு நினைச்சுக்கிடாத. முதல் தடவை வாசிச்சு முடிச்சப்ப, எழுதினது எங்க அண்ணன் பேத்திதானா, வேற எவளோ எழுதினது மாறி வந்துருச்சான்னு சந்தேகமாப் போச்சு.

லண்டன்ல நீ முதுகலைக்கு விண்ணப்பிக்கற எடத்துல இதுக்கு நோக்க அறிக்கைன்னு பேரு வச்சிருக்காங்க. எதுக்கு வர்ற, வந்து என்னத்தத் தேடப் போற, அதைத் தேடுறதுக்கு உனக்கு என்ன தகுதின்னு கேக்குறாங்க. நீ என்ன பண்ணிருக்க? ஒரு பெரிய மனுசரோட பொன்மொழியில ஆரம்பிச்சிருக்க. அவரா படிக்கப் போறாரு? அவருக்கு எடம் குடுத்துட்டு உன்ன வீட்டுக்கு அனுப்பிட்டா என்ன செய்வ?

அடுத்த வரியில, சின்ன வயசுலயே பொம்மைகளை வரிசையா உக்கார வச்சுப் பாடம் நடத்தினியாம். நான் பாத்த வரைக்கும் நீ புளியமரத்துல ஏறிக் காய் உலுப்பிக்கிட்டு இருந்த. பொம்மைக்குப் பாடம் எடுத்தவங்க கதை வருசத்துக்கு நூறு அந்த மேசைக்கு வரும். நானும் ஓய்வு பெத்த பிறகு 4 வருசம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுக்குற கமிட்டியில உக்காந்து வாத்தியார் விண்ணப்பமா வாசிச்சுத் தள்ளினவன். பொம்மை வந்த உடனே என் கை தானா அடுத்த காகிதத்த எடுக்கும்.

அப்புறம் அந்த லண்டன் கல்வி நிறுவனத்தோட பெருமை ஒரு பத்தி முழுக்க. 1902-ல வாத்தியார்களுக்குப் பயிற்சி குடுக்குற கல்லூரியாத் தொடங்கினது, உலகத்துலயே பேர் போனது, அங்க படிக்கறது என் கனவு. ஏன் தாயி, அவங்க ஊட்டுக் கல்யாணப் பத்திரிகைய அவங்களுக்கே வாசிச்சுக் காட்டுறியே. 1902-ல தொடங்கினது அவங்களுக்குத் தெரியாதா? அந்த எடத்துல, அவங்க பாடத்திட்டத்துல எந்தப் பாடம் உன் கேள்விக்கு ஒத்தாசை பண்ணும்னு ரெண்டு வரி எழுதிருந்தா, இந்தப் பிள்ளை உள்ள வந்து பாத்துட்டுத்தான் கதவத் தட்டுதுன்னு தெரியும்.

இப்படிப் பண்ணிப் பாரு. கடுதாசியில உன் பேர வெரலால மறைச்சுக்கோ. கீழத்தெரு வாத்திச்சி கையெழுத்துப் போட்டா அவளுக்கும் பொருந்துமான்னு பாரு. பொருந்துற வரிய எல்லாம் அடி. நேத்து நான் அடிச்சுப் பாத்தேன். மிஞ்சினது உன் மெயில் முகவரியும், "18 பிள்ளைகள்"ங்கிற ரெண்டு வார்த்தையும்தான்.

அந்த 18 பிள்ளைக்கு வருவோம். கொரோனாவுல பள்ளிக்கூடத்த மூடி, தெறந்த பிறகு 2021-ல இல்லம் தேடிக் கல்வி வந்துச்சே, அதுல நீ சாயங்காலம் 5 மணியில இருந்து 7 மணி வரைக்கும் உங்க வீட்டு முற்றத்துல 2 வருசம் எடுத்த. இப்பவும் பாதிப் பிள்ளைக அங்கதான் வருது. அதை எப்படி எழுதிருக்க? பன்முகத் திறன் வளர்த்தேன், குழந்தை மையக் கற்பித்தலைக் கையாண்டேன், முழுமையான வளர்ச்சிக்குப் பாடுபட்டேன். இது சம்பளப் பட்டியல்ல இருக்கற பேர் மாதிரி. ஒருத்தர் முகமும் தெரியல. வருசக் கணக்கு அனுபவம் ஆகாது. 34 வருசம் வாத்தியார் வேலை பாத்தவன் சொல்றேன், நான் பாத்தது ஒரே வருசத்தத்தான், அதையே 34 தடவை.

அந்த முற்றத்துல உனக்கு எது வெளங்காமப் போச்சு, அதைச் சொல்லு.

தலையச் சொறிஞ்ச. அப்புறம் சொன்ன பாரு, அந்தப் பையன் கதை, அத ஏன் தாயி எழுதல? மூணாம் வகுப்புப் பையன். 52-ல இருந்து 27 போனா எவ்வளவுன்னு கேட்டதுக்கு 35-னு எழுதினான். நீயும் என்னைப் போலவே, "2-ல இருந்து 7 போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு"ன்னு சொன்ன. அதுக்கு அவன் கேட்டான், "திருப்பிக் குடுக்கணுமா டீச்சர்?"

நான் சிரிச்சேன்ல? சிரிச்சிருக்கக் கூடாது. 34 வருசமா நான் இந்த ஊருப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கச் சொல்லித்தான் கணக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரு பயலும் என்கிட்ட அந்தக் கேள்விய கேக்கல. கேட்டிருந்தா காதைத் திருகியிருப்பேன்ங்கறதும் ஒரு காரணம். வெதப்புக்கு முன்னால கடன் வாங்கி அறுப்புல கட்டுற சம்சாரி வீட்டுப் பையன் அவன். கடன் வாங்கினா திரும்பக் குடுக்கணும்னு அவனுக்குத் தெரியும். நம்ம கணக்குலதான் வாங்கின கடனுக்கு வாயதா கிடையாது. உண்மையில அங்க கடனே கிடையாது. 52-ங்கறது 5 பத்தும் 2 ஒண்ணும். ஒரு பத்துக் கட்டை அவுத்துப் போட்டா 4 பத்தும் 12 ஒண்ணும். சொத்து அதே சொத்துதான், சில்லறையா மாத்திருக்கு. வங்கியில கடன் வாங்கறதுக்கும், பெட்டிக்கடையில நோட்டக் குடுத்துச் சில்லறை மாத்தறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?

இந்தக் கேள்விதான் உன் கடுதாசி. மத்ததெல்லாம் தோரணம்.

சரி, அந்தப் பையனுக்கு ஏன் 35 வந்துச்சுன்னு கேட்டேன். நீ பட்டுனு சொன்ன, "பெரியதுல இருந்து சின்னதக் கழிச்சுட்டான் தாத்தா. மேல இருக்கா கீழ இருக்கான்னு பாக்காம 7-ல இருந்து 2 கழிச்சு 5, 5-ல இருந்து 2 கழிச்சு 3. என் 18 பிள்ளையில 11 பேர் அப்படித்தான் போட்டாங்க." அதோட விடல, 11 பேருக்கு இடமதிப்பு புரியல, இதுதான் என் ஆராய்ச்சின்னு ஒரே மூச்சுல சொன்ன.

அங்கதான் உன்னப் பிடிச்சேன். 11 பேரும் பெரியதுல சின்னதக் கழிச்சாங்கன்னு உனக்கு யாரு சொன்னது? 35-ங்கற விடைக்கு ரெண்டு அப்பன் உண்டு தாயி. இன்னொரு பிள்ளை நீ சொன்ன மாதிரியே ஒழுங்காக் கடன் வாங்கும், 12-ல இருந்து 7 போனா 5-னு சரியாவே போடும். ஆனா பக்கத்து 5-ஐ 4-ஆக் கொறைக்க மறந்துட்டு 5-ல இருந்து 2 போனா 3-னு எழுதும். அதுக்கும் 35. ஒருத்தன் கடன் வாங்கவே இல்ல. இன்னொருத்தன் வாங்கினான், குடுத்தவன் கணக்குல கழிக்கல. விடைத்தாளப் பாத்தா ரெண்டு பேரும் இரட்டைப் பிள்ளைக மாதிரி இருப்பாங்க. நோயி வேற, வைத்தியமும் வேற.

எண்ணை மாத்திப் போட்டா குட்டு வெளிப்பட்டுரும். 52-ல இருந்து 28-ஐக் கழிக்கச் சொல்லு. சரியா வந்தா 24. பெரியதுல சின்னதக் கழிக்கறவன் 36-னு எழுதுவான். கடன் வாங்கிட்டுக் கொறைக்க மறந்தவன் 34-னு எழுதுவான். ஒரே ஒரு எண்ணை மாத்தினதுல அப்பன் யாருன்னு தெரிஞ்சுபோகும். உன் 27 நல்ல எண்தான், ஆனா ரெண்டு திருடனையும் ஒரே சட்டையில நிறுத்துற எண்.

போயி அந்த 11 பேருக்கும் போட்டுட்டு வா. ஒருத்தரையும் திட்டாத. "எப்படிப் போட்டேன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே போடு"ன்னு சொல்லு. அவங்க சொல்றத அப்படியே எழுது. திருத்தாத. மூணு நாள் கழிச்சு வா. கடுதாசிய இங்க வச்சிட்டுப் போ, பின்பக்கம் எதுவும் எழுதல, பால் கணக்குப் போடலாம்.

*

வந்துட்டியா? உன் முகத்தப் பாத்தாத் தெரியுது, நீ நினைச்சது நடக்கலைன்னு. நல்லது.

11 பேர்ல 7 பேர் 36. 3 பேர் 34. ஒருத்தன் 24-னு சரியாவே போட்டுட்டான், அன்னைக்கு மட்டும் கவனம் சிதறியிருக்கு. பாத்தியா? மூணு நாளைக்கு முன்னால நீ லண்டனுக்கு எழுத இருந்தது, 11 பேருக்கும் ஒரே கொறைன்னு. அதை ஒரு கணக்கு வாத்தியார் வாசிச்சிருந்தா, 52-27-ஐப் பாத்த உடனே மனசுக்குள்ள சிரிச்சிருப்பார். இப்ப நீயே அந்தத் தப்பை எழுதலாம். "முதலில் எல்லோருக்கும் ஒரே பிழை என்று நினைத்தேன், எண்ணை மாற்றிக் கொடுத்தபோது இரண்டு பிழைகள் இருந்தன." இந்த ஒரு வரி உன் மார்க் ஷீட்டை விடப் பெருசு. தன் தப்பைத் தானே கண்டுபிடிச்ச ஆளு ஆராய்ச்சிக்கு லாயக்குன்னு அவங்களுக்கே தோணும்.

அந்த 34 போட்ட பிள்ளையில ஒண்ணு சத்தமாச் சொன்னத எழுதிட்டு வந்திருக்கியே, அதை இன்னொரு தடவை வாசி. "பக்கத்து வீட்டுல ஒண்ணு வாங்கியாச்சு, அவங்ககிட்ட நெறைய இருக்கு." அடடா! கடன் குடுத்தவனுக்குக் கொறையுதுன்னே அந்தப் பிள்ளைக்குத் தோணல. இது இடமதிப்பு புரியாத கோளாறா, நம்ம வாயில இருந்து வந்த "கடன்"ங்கற வார்த்தையோட கோளாறா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. லண்டனுக்குப் போறதுக்கு இது போதுமான காரணம்.

இனி புத்தகம். நீ பத்து அறிஞர் பேரை மாலையாக் கோத்திருந்த. எல்லாத்தையும் கழட்டு. உன் கேள்விய ஏற்கெனவே தொட்ட ஒரு கட்டுரையும் ஒரு புத்தகமும் போதும். 1978-ல ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. பிள்ளைக கழித்தல்ல பண்ற தப்பு கவனக்கொறைவால மட்டும் வர்றதில்ல, பல பிள்ளைக தப்பான ஒரு விதிய ஒழுங்காக் கடைப்பிடிக்கிறாங்கன்னு சொன்னாங்க. உன் 36-ம் 34-ம் அந்தச் சாதிதான். அப்புறம் லிப்பிங் மா. 1999-ல வந்த புத்தகம். அமெரிக்காவுல 23 வாத்தியார்கள், சீனாவுல 72 வாத்தியார்கள்கிட்டப் பேசினாங்க. முதல்ல எடுத்த சங்கதியே இந்தக் கழித்தல்தான். சீன வாத்தியார்கள் பலர் கடன்னு சொல்லாம, மேல இருக்கற அலகைப் பிரிச்சுக் கீழ கொண்டு வர்றதாச் சொன்னாங்க. நீ முற்றத்துல கேட்ட கடன் சங்கதி சீனாவுலயும் அமெரிக்காவுலயும் வாத்தியார்கள் வாயில இருந்திருக்கு.

ஆனா "மா அவர்களின் கருத்துப்படி"ன்னு எழுதி நிறுத்திடாத. அவங்க பாத்தது வாத்தியார்கள. நீ பாக்கப் போறது பிள்ளைகள, அதுவும் தமிழ்ல கணக்குப் போடுற பிள்ளைகள. நம்ம எண் பேருலயே பத்து தெரியுது பாரு, இருபத்தேழுன்னா ரெண்டு பத்தும் ஏழும். பேரு சொல்லிக் குடுக்குறத, "கடன் வாங்கு"ங்கற வார்த்தை கெடுக்குதா? இது அந்தக் கட்டுரையிலயும் புத்தகத்துலயும் இல்லாத எடம், உன் எடம். உன்னத் தவிர வேற யாராலயும் இந்த வரிய எழுத முடியாது.

அடுத்தது, கேள்வியோட அளவு. பழைய கடுதாசியில "தமிழ்நாட்டுக் கல்வி முறையின் சிக்கல்களை ஆராய்ந்து தீர்வு காண்பேன்"னு போட்டிருந்த. தாயி, இது வைகையை ஒரே வாளியில மொண்டுட்டு வர்றேன்ங்கற கதை. அங்க முதுகலைப் படிப்பு முழுநேரமாப் போனா ஒரே வருசம். செப்டம்பர்ல தொடங்கும், அடுத்த செப்டம்பர் வாக்குல ஆய்வேட்டக் குடுக்கணும். ஆராய்ச்சிக்குக் கெடைக்கறது கடைசி நாலு மாசம். நம்ம பள்ளிக்கூடம் மே மாசம் பூட்டியிருக்கும், ஜூன்லதான் தெறக்கும். ஜூன், ஜூலையில நீ பிள்ளைகளப் பாக்கலாம், அதுக்கு முன்னாலயே ஆய்வு நெறிமுறைக் குழுவோட ஒப்புதலும் பெத்தவங்க சம்மதமும் வாங்கிருக்கணும். இந்தக் கணக்கப் போட்டுப் பாத்தா என்ன ஆகும்? ரெண்டு வகுப்பு, இருபது முப்பது பிள்ளைக, ஒரே தலைப்பு. ஒண்ணுல "கடன் வாங்கு"ன்னு சொல்லியும், இன்னொண்ணுல பத்துக் குச்சிக் கட்டை அவுத்தும் கழித்தல் சொல்லிக் குடுத்துட்டு, பிள்ளைக வாயாலயே கேக்கறது. அதுக்கு மேல ஒரு சாண் நீட்டினாலும் சாயம் வெளுத்துடும். நீ இதைத்தான் செய்வேன்னு எழுத வேண்டாம், இந்த அளவுலதான் கேக்கத் தெரியும்னு காட்டினாப் போதும். படிச்ச பிறகு கேள்வி மாறும்னு அவங்களுக்கும் தெரியும்.

ஒரு சங்கதி, கோவிச்சுக்காத. முன்னால ஒரு தடவை குச்சிக் கட்டு வச்சு நீ சொல்லிக் குடுத்தப்ப என்ன ஆச்சுன்னும் எழுதணும்னு சொன்னேனே. ரெண்டு வாரம் கழிச்சு முக்காவாசிப் பேர் தேறிட்டாங்கன்னும், ஒரு மாசம் கழிச்சு நாலஞ்சு பேர் மறுபடி பழைய வழிக்கே போயிட்டாங்கன்னும் வாயால சொன்ன. இப்ப எழுதிக் கொண்டாந்த குறிப்புல ரெண்டாவது பாதிய முழுங்கிட்ட. ஏன்? மரியாதை போயிரும்னா? அந்த நாலஞ்சு பேர்தான தாயி உன் ஆராய்ச்சி? எல்லாரும் தேறிட்டாங்கன்னா நீ எதுக்கு லண்டன் போற, இங்கயே இருந்து எல்லாருக்கும் குச்சி குடுக்கலாமே. அதுவும் 18 பிள்ளைய வச்சு "நிரூபித்தேன்"னு எழுதாத. கண்டேன், சந்தேகப்பட்டேன், மறுபடி பாத்தேன். உனக்குச் சொந்தமான வினைச்சொல் இந்த மூணும்தான்.

பையன் பேரையும் எழுதாத. அந்தப் பய பேரு உலகத்துல எந்த மேசையிலயும் கெடக்கக் கூடாது. "மூணாம் வகுப்பு மாணவன் ஒருவன்" போதும்.

அரியர் பத்தி நாலு வரி எழுதிருந்தியே, அழுவாச்சியா. ஒரு வரியாக் கொறை. மூணாம் பருவத்துல அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு, ஒரு தாள் விழுந்துச்சு, அடுத்த பருவத்துல எழுதியாச்சு. அவ்வளவுதான். மொத்தமா எத்தனை சொல்னு அவங்க விண்ணப்பத்துல போட்டிருக்காங்களோ, அதுல பாதி முற்றத்துக்கும் 35-க்கும் போகட்டும், மீதியில புத்தகம், கேள்வி, அவங்க பாடம், முடிச்சப்புறம் எங்க திரும்பி வர்றேங்கறது. திரும்பி வர்றதையும் பூசி மெழுகாத. வந்து ஒண்ணாப்பு ரெண்டாப்பு வாத்தியார்களுக்குக் கழித்தல் சொல்லிக் குடுக்குற பயிற்சியில வேலை பாக்கணும்னு என்கிட்டச் சொன்னியே, அதே வார்த்தை போதும்.

இங்கிலீசு வரலைன்னு அழுற. முதல்ல தமிழ்ல எழுது, நம்ம பேசற மாதிரி. அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமா மாத்து. உன் பழைய கடுதாசி இங்கிலீசு அழகா இருந்துச்சு, ஆனா அதுக்குள்ள நீ இல்ல. முதல் வரி எப்படி இருக்கணும்னு கேட்டேல்ல, நான் சொல்றதை எழுதிக்கோ, அப்புறம் உன் வாயால மாத்திக்கோ:

"52-லிருந்து 27-ஐக் கழிக்க, பக்கத்தில் கடன் வாங்கச் சொன்னேன். 'திருப்பிக் கொடுக்கணுமா டீச்சர்?' என்று கேட்டான் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன். எனக்குப் பதில் தெரியவில்லை."

இதை வாசிச்ச ஆளு அடுத்த காகிதத்த எடுக்க மாட்டான்.

கடைசியா, பரிந்துரைக் கடிதம் குடுக்குற பள்ளிக்கூடத்து அம்மாகிட்ட இதை ஒரு தடவை காட்டு. நீ ஒண்ணு சொல்ல, அவங்க பொன்மொழியோட ஒண்ணு சொல்ல, ரெண்டும் வேற வேற ஆளு மாதிரி இருந்துரக் கூடாது. பதினஞ்சாம் தேதி கடைசி நாளுன்னு சொன்ன. பதிமூணாம் தேதியே அனுப்பிரு, பதினாலாம் தேதி நம்ம ஊர்ல மின்சாரப் பராமரிப்புன்னு மைக் வச்சுச் சொல்லிட்டுப் போனாங்க.

உன் பழைய கடுதாசிய எங்கன்னு கேக்காத. பின்பக்கம் இந்த மாசப் பால் கணக்கு இருக்கு. மாச முடிவுல வாங்கிக்கோ.